Page Unresponsive வந்தால் காத்திருப்பதா, வெளியேறுவதா? (40,000 வரிப் பட்டியல், குரோம்)

தேன்மொழி
பெயர்ப் பட்டியல் ஒன்றை இணையப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். சிஎஸ்வி கோப்பு, 40,000 வரி. "Check duplicates" பொத்தானை அழுத்தியதும் பக்கம் உறைந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் Page Unresponsive என்று பெட்டி வந்தது, அதில் Wait, Exit page என்று இரண்டே பொத்தான். Wait கொடுத்தேன், திரும்பவும் அதே பெட்டி வருகிறது. இதே பக்கத்தில் ஒரு நீளமான குறிப்பும் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன், இன்னும் சேமிக்கவில்லை. கோப்பு போனால் பரவாயில்லை, திரும்ப ஏற்றலாம். குறிப்பு போகக் கூடாது. வேலை நடக்கிறதா, செத்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பாஸ்கர்_வி
விண்டோஸ் டாஸ்க் மேனேஜரைத் திறந்து குரோம் எவ்வளவு சிபியு எடுக்குதுன்னு பாருங்க. 80, 90 சதவீதம் காட்டினா வேலை நடக்குது. 10, 12 தான் காட்டுதுன்னா தொங்கிப்போச்சு, Exit page கொடுத்துடுங்க. சும்மா காத்திருந்து பயனில்லை.

தேன்மொழி
12.4 காட்டுகிறது. அப்போ போச்சா?

நெசவன்
அவசரப்பட்டு Exit கொடுக்காதீர்கள். ஒரு பக்கத்தின் ஸ்கிரிப்ட் ஒரு கோரில்தான் ஓடும். விண்டோஸ் டாஸ்க் மேனேஜர் காட்டுவது மொத்தக் கணினியில் எத்தனை பங்கு என்பதை. உங்கள் கணினியில் 8 லாஜிக்கல் பிராசசர் இருந்தால் ஒரு கோர் முழுமூச்சாக ஓடுவது அங்கே 12.5 என்றுதான் தெரியும். ஆக, 12.4 என்றால் ஸ்கிரிப்ட் ஒரு கணமும் நிற்காமல் ஓடுகிறது என்று பொருள். பாஸ்கர் சொன்ன அளவுகோல் ஒற்றைக் கோர் கணினிக்குப் பொருந்தும், இதற்குப் பொருந்தாது.

குரோமுக்குள்ளேயே தனி டாஸ்க் மேனேஜர் இருக்கிறது. வேறு டேப்பிலோ வேறு சன்னலிலோ நின்றுகொண்டு Shift+Esc அழுத்துங்கள். அங்கே ஒரு கோர் முழுதாக ஓடினால் 100க்குப் பக்கத்தில் காட்டும். உங்கள் டேப்பின் பெயருள்ள வரியில் CPU, Memory footprint இரண்டையும் ஒரு நிமிடம் பார்த்துச் சொல்லுங்கள். மெமரி ஒரே அளவில் நிற்கிறதா, ஏறி இறங்குகிறதா, ஏறிக்கொண்டே போகிறதா என்பதுதான் முக்கியம்.

இன்னொன்று. அந்தப் பெட்டி வந்ததாலேயே பக்கம் செத்துவிட்டதாகக் கொள்ள வேண்டாம். நீங்கள் பக்கத்தில் ஒரு கிளிக்கோ விசையோ அழுத்துகிறீர்கள், அதைப் பெற்றுக்கொண்டேன் என்ற பதில் சுமார் 15 வினாடி வரை பக்கத்திலிருந்து வரவில்லை, உடனே குரோம் பெட்டியைக் காட்டுகிறது. அவ்வளவுதான் அதற்குத் தெரியும். உள்ளே ஓடுவது இன்னும் ஒரு நிமிடத்தில் முடியுமா, என்றைக்கும் முடியாதா என்று குரோமுக்கும் தெரியாது. இடையில் வேலை முடிந்துவிட்டால் பெட்டி தானாகவே மறையும்.

அதனால் இப்போதைக்கு அந்தப் பக்கத்தில் எதையும் அழுத்தாதீர்கள். பக்கம் உறைந்திருக்கும்போது அழுத்தியவை வரிசையில் காத்திருக்கும், விடுபட்டதும் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்ச் சேரும். Check duplicates மேலேயே நான்கு தடவை அழுத்தியிருந்தால், முதல் சோதனை முடிந்தவுடன் இன்னொன்று தொடங்கி, பக்கம் மீளவேயில்லை என்று தோன்றும். Save மீது அழுத்தியிருந்தால் இரண்டு மூன்று முறை சேமிக்கப்படலாம்.

எழில்வேந்தன்
இணைய வேகம் குறைவா இருந்தாலும் இப்படி வரும். ரவுட்டரை ஒரு தடவை அணைச்சுப் போட்டுப் பாருங்க.

நெசவன்
இல்லை எழில்வேந்தன், இது வேறு. சர்வரிடமிருந்து பதில் வரத் தாமதமானால் டேப்பில் சுழலும் குறி தெரியும், ஆனால் பக்கத்தை மேலே கீழே நகர்த்தலாம், எழுத்தைத் தேர்வு செய்யலாம், சிபியு கிட்டத்தட்ட 0 இருக்கும். ஸ்கிரிப்ட் ஒத்திசைவாகப் பதிலுக்குக் காத்திருக்கும்படி எழுதப்பட்ட பழைய பக்கங்களில் மட்டும் நெட்வொர்க்காலும் உறையும், அப்போதும் சிபியு 0 தான். இங்கே ஒரு கோர் முழுதாக ஓடுகிறது. ரவுட்டரை அணைத்தால் பின்னால் சேமிக்கும் நேரத்தில் சிக்கல்தான் கூடும்.

ரஹ்மத் அலி
என் சந்தேகத்தையும் இதிலேயே கேட்டுவிடுகிறேன். ஒரு டேப் உறைந்தது, Exit page கொடுத்தேன், அதே தளத்தில் திறந்திருந்த இன்னும் இரண்டு டேப்பும் சேர்ந்து போய்விட்டன. ஒன்றில் பாதி நிரப்பிய படிவம் இருந்தது. இது ஏன்?

நெசவன்
ரஹ்மத், Exit page அந்த ஸ்கிரிப்டை மட்டும் நிறுத்துவதில்லை, பக்கம் ஓடும் பிராசசையே கொன்றுவிடுகிறது. ஒரு டேப்பிலிருந்து புதுச் சன்னலாகத் திறந்த அதே தளத்தின் பக்கங்கள் பெரும்பாலும் ஒரே பிராசசில்தான் இருக்கும். Page Unresponsive பெட்டியை உற்றுப் பாருங்கள், எந்தெந்தப் பக்கங்கள் சேர்ந்து போகும் என்று அதிலேயே பட்டியல் இருக்கும். ஒன்றுக்கு மேற்பட்ட பெயர் இருந்தால் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் முடிவு செய்ய வேண்டும். Shift+Esc மேனேஜரிலும் ஒரே பிராசசில் உள்ளவை சேர்த்தே காட்டப்படும்.

தேன்மொழி
பார்த்தேன். CPU 98லிருந்து 101க்குள் நிற்கிறது. மெமரி 310 எம்பி, 345, 312, 350, 311 என்று ஏறி இறங்குகிறது. பட்டியலில் என் ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கிறது.

நெசவன்
நல்ல அறிகுறி. ஏறி இறங்குகிறது என்றால் ஸ்கிரிப்ட் தற்காலிகப் பொருட்களை உருவாக்குகிறது, குப்பை அகற்றும் வேலை அவ்வப்போது நடக்கிறது, எதுவும் சேர்ந்துகொண்டே போகவில்லை. ஏறியபடியே போயிருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன். குரோமில் ஒரு பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்ட் மெமரிக்கு 4 ஜிபி அளவில் உச்ச வரம்பு உண்டு. அதைத் தொட்டால் நீங்கள் Wait கொடுத்தாலும் பக்கம் தானே விழும். அதற்கு முன்பே கணினியின் ரேம் நிரம்பி டிஸ்க்குக்கு மாற ஆரம்பித்தால் எல்லாம் மந்தமாகும், முடியும் நேரத்தைக் கணிக்கவே முடியாது.

ஆனால் இந்த அறிகுறியை வைத்து மட்டும் முடியுமா என்று சொல்ல முடியாது. முடிவில்லாத லூப்பும் இதே மாதிரி 100 சிபியுவும் ஏறி இறங்கும் மெமரியும் காட்டலாம். அதனால் ஒரு கேள்வி: இதே பக்கத்தில் இதைவிடச் சின்னப் பட்டியல்கள் ஏற்றியிருக்கிறீர்களா? இரண்டு வெவ்வேறு அளவுகளுக்கு எவ்வளவு நேரம் ஆனது?

தேன்மொழி
ஆம். 5,000 வரிக்கு 4 வினாடி போல ஆகும். 10,000 வரிக்கு 16 வினாடி போல. அப்போதெல்லாம் பெட்டி வந்ததில்லை.

பாஸ்கர்_வி
அப்போ கணக்கு சுலபம். 10,000க்கு 16 வினாடின்னா 40,000க்கு நாலு மடங்கு, 64 வினாடி. நீங்க கேள்வி போட்டே அதுக்கு மேல ஆயிடுச்சு. முடிவில்லாம சுத்துது, வெளியே வாங்க.

நெசவன்
அந்த இரண்டு எண்களைத் திரும்பப் பாருங்கள் பாஸ்கர். வரி இரண்டு மடங்கானபோது நேரம் இரண்டு மடங்காகவில்லை, நான்கு மடங்கானது. அப்படியென்றால் பக்கம் ஒவ்வொரு பெயரையும் மற்ற எல்லாப் பெயர்களோடும் ஒப்பிடுகிறது. 40,000 என்பது 10,000இன் நான்கு மடங்கு, நேரம் பதினாறு மடங்கு. 16 × 16 = 256 வினாடி, அதாவது 4 நிமிடம் 16 வினாடி.

ஒரு சின்ன அளவு மட்டும் தெரிந்திருந்தால் இதைக் கண்டுபிடிக்க முடியாது. இரண்டு அளவு வேண்டும், அப்போதுதான் நேரம் எப்படி வளர்கிறது என்று தெரியும். வரி இரட்டிப்பாகும்போது நேரமும் இரட்டித்தால் பாஸ்கரின் 64 சரி, அதைத் தாண்டியிருந்தால் கவலைப்பட வேண்டியதுதான்.

தேன்மொழி, நீங்கள் பொத்தானை அழுத்தி 4 நிமிடம் 16 வினாடி வரை Wait. அதற்குப் பிறகும் உடனே விடுபடாது, லூப் முடிந்தபின் முடிவுகளை அட்டவணையாகத் திரையில் வரைய வேண்டும். ஆயிரக்கணக்கான வரிகள் இருந்தால் அந்த வரைதலும் பல வினாடி உறைய வைக்கும். கணித்த நேரத்தின் இரு மடங்கு, அதாவது எட்டரை நிமிடம் ஆகியும் அசையவில்லை என்றால் நம்பிக்கை விட்டுவிடலாம்.

தேன்மொழி
பெட்டி தானாக மறைந்தது, பக்கம் மீண்டுவிட்டது. நாலரை நிமிடம் தாண்டி வந்தது. முதல் வேலையாகக் குறிப்பை நகலெடுத்துத் தனிக் கோப்பில் வைத்துவிட்டேன். நன்றி நெசவன். ஆனால் அடுத்து ஏற்ற வேண்டிய பட்டியல் 1,00,000 வரி. அதற்கு என்ன செய்வது?

நெசவன்
அதே கணக்கு: 10,000இன் பத்து மடங்கு, நேரம் நூறு மடங்கு, 1,600 வினாடி. 26 நிமிடம் 40 வினாடி. அழுத்தவே அழுத்தாதீர்கள். நடுவே யாராவது Exit கொடுத்தால் எல்லாம் போகும். பக்கத்தை எழுதியவரிடம் சொல்ல வேண்டிய விஷயம் இது.

தேன்மொழி
அவரிடம் கேட்டேன், இந்தப் பகுதிதான் என்று அனுப்பினார்:

```
for (let i = 0; i < rows.length; i++) {
  for (let j = 0; j < i; j++) {
    if (norm(rows[i].name) === norm(rows[j].name)) dup.push(i);
  }
}
```

நெசவன்
நினைத்ததேதான். 40,000 வரிக்கு ஏறத்தாழ 80 கோடி ஒப்பீடு, ஒவ்வொன்றுக்கும் norm இரண்டு தடவை. ஒரு பெயரைச் சீராக்கும் வேலை ஒரு தடவை நடந்தால் போதும். இப்படி மாற்றச் சொல்லுங்கள்:

```
const seen = new Set();
rows.forEach((r, i) => {
  const k = norm(r.name);
  if (seen.has(k)) dup.push(i); else seen.add(k);
});
```

1,00,000 வரிக்கு norm ஒரு லட்சம் தடவைதான் ஓடும், சாதாரணக் கணினியில் ஒரு வினாடிக்குள் முடிய வேண்டும். ஒரு வித்தியாசம் உண்டு, அவரிடம் சொல்லிவிடுங்கள்: பழையதில் ஒரே பெயர் மூன்று முறை வந்தால் மூன்றாவது வரி dup பட்டியலில் இரண்டு தடவை சேரும், புதியதில் ஒரு தடவைதான். எண்ணிக்கையை எங்காவது காட்டுகிறார் என்றால் மாறித் தெரியும்.

கார்குழலி
சின்ன அளவுகளின் நேரம் தெரியாதவர்கள் என்ன செய்வது? நான் பக்கங்களைச் சோதிக்கும் வேலையில் இருப்பதால் டெவ்டூல்ஸைத் திறந்தே வைத்திருப்பேன். உறைந்தால் Sources பலகத்தில் Pause அழுத்தி, ஓடும் லூப்பின் எண்ணைப் பார்த்துவிடுவேன். இந்தப் பக்கத்தில் என்றால் பெரும்பாலும் norm உள்ளே போய் நிற்கும். Call Stack பட்டியலில் அதற்கு அடுத்த வரியை, அதாவது அதை அழைத்த ஃபங்ஷனைக் கிளிக் செய்தால் i தெரியும். அரை நிமிடம் ஓடவிட்டுத் திரும்ப Pause. i நகர்ந்திருந்தால் வேலை நடக்கிறது, நகராமல் இருந்தால் சுற்றுகிறது. நகர்ந்த வேகத்தை வைத்து மீதி நேரமும் கிடைத்துவிடும்.

நெசவன்
முறை அருமை, கடைசி வாக்கியத்தில் மட்டும் ஒரு திருத்தம். இந்த லூப்பில் i வளர வளர உள் லூப் நீளும். முதல் பாதி வரிகள் முடியும்போது கால் பங்கு வேலைதான் முடிந்திருக்கும். 64ஆவது வினாடியில் i 20,000 இருக்கும், 96ஆவது வினாடியில் சுமார் 24,500. நேர்கோட்டில் கணக்கிட்டால் மீதி 15,500 வரிக்கு 110 வினாடி என்று வரும். உண்மையில் 160 வினாடி ஆகும். லூப்பைப் பார்த்து அதன் வடிவம் தெரிந்தபின்தான் மீதியைக் கணிக்க வேண்டும். இதில் கழிந்த நேரத்தை, மொத்த வரி ÷ இப்போதைய i என்பதன் வர்க்கத்தால் பெருக்கினால் மொத்த நேரம்: 64 × 4 = 256.

Pause நிலையின் பெரிய பயன் வேறு. பக்கம் நின்றிருக்கும்போது கன்சோல் வேலை செய்யும். தேன்மொழிக்கு வேண்டிய குறிப்பை அப்போதே எடுத்துவிடலாம்:

```
copy(document.querySelector('textarea').value)
```

தட்டச்சு செய்தது கிளிப்போர்டுக்கு வந்துவிடும். பக்கத்தில் பல பெட்டிகள் இருந்தால் முதல் பெட்டிதான் வரும், அதனால் ஒரு எடிட்டரில் ஒட்டிச் சரிபார்த்தபின் மட்டும் மேலே போங்கள். இதற்குப் பிறகு Wait, Exit இரண்டில் எதைக் கொடுத்தாலும் பெரிய இழப்பில்லை.

பாஸ்கர்_வி
Pause பண்ணின இடத்துலயே கன்சோல்ல `i = rows.length` கொடுத்தா லூப் அங்கேயே முடிஞ்சுடாதா? காத்திருக்கவே வேண்டாமே.

நெசவன்
எண்ணம் சரி, இந்த லூப்பில் உதைக்கும். உள் லூப் இன்னும் முடியவில்லை, அடுத்த சுற்றில் rows[i] கேட்கும். i 40,000 ஆகிவிட்டதால் அப்படியொரு வரியே இல்லை, TypeError வந்து நிற்கும். அதோடு, இவ்வளவு நேரம் ஓடிய லூப்பை என்ஜின் வேகத்துக்காக மறுபடி தொகுத்திருக்கும். அந்த நிலையில் உள்ளூர் மாறிக்கு நீங்கள் கொடுக்கும் புது மதிப்பு ஏறாமலே போகலாம். சில சமயம் மதிப்பைப் படிக்கக்கூட முடியாது.

நிறுத்துவதென்றால் அதற்கென்றே வழி இருக்கிறது. Resume பொத்தானை அழுத்திப் பிடித்தால் கீழே ஸ்கிரிப்டை நிறுத்தும் பொத்தான் வரும். பக்கம் சாகாது, ஓடிய ஸ்கிரிப்ட் மட்டும் சாகும். ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தை நம்பி வேலையைத் தொடராதீர்கள். இப்படி நிறுத்தும்போது finally பகுதிகூட ஓடாது. "காத்திருக்கவும்" திரை அப்படியே நிற்கும், முடக்கிய பொத்தான் முடங்கியே இருக்கும், dup பட்டியல் பாதியில் இருக்கும். அந்தப் பாதியை முழு முடிவு என்று நினைத்துச் சேமித்தால், Exit கொடுத்திருந்தால் ஆகியிருக்கும் சேதத்தைவிடப் பெரிது. எழுதியதை நகலெடுத்துவிட்டுப் பக்கத்தைப் புதுப்பியுங்கள்.

ஃபயர்பாக்ஸ் மணி
ஃபயர்பாக்ஸில் இந்தத் தொல்லையே பாதிதான். அங்கே பெட்டி வராது, மேலே ஒரு பட்டை வரும், பக்கம் ஃபயர்பாக்ஸை மெதுவாக்குகிறது என்று. Stop கொடுத்தால் ஸ்கிரிப்ட் மட்டும் நிற்கும், பக்கமும் தட்டச்சு செய்ததும் அப்படியே இருக்கும். `about:config` போய் `dom.max_script_run_time` பாருங்கள், இயல்பு மதிப்பு 10 வினாடி. கூட்டி வைத்தால் பட்டை தாமதமாக வரும்.

நெசவன்
உண்மை மணி, குறிப்பை மீட்பதற்கு அது நல்ல வசதி. நான் மேலே சொன்ன எச்சரிக்கை Stopக்கும் அப்படியே பொருந்தும், ஸ்கிரிப்ட் பாதியில் வெட்டப்பட்ட பக்கம்தான் கையில் இருக்கும். 10 வினாடியைக் கூட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. பட்டை வருவதால் எந்த வேலையும் நிற்பதில்லை, நீங்கள் Stop கொடுத்தால்தான் நிற்கும்.

ரஹ்மத் அலி
குரோமில் உறைந்த பிறகு டெவ்டூல்ஸைத் திறந்தால் போதாதா? முதலிலேயே திறந்திருக்க வேண்டுமா?

கார்குழலி
எனக்குப் பல நேரம் F12 அழுத்தினால் வெற்றுப் பலகம்தான் வருகிறது. அதை நம்பி இறங்க மாட்டேன்.

பாஸ்கர்_வி
எனக்கு வந்திருக்கு. கொஞ்சம் பொறுத்து Pause அழுத்தினா நின்னுடுது.

நெசவன்
இரண்டுமே நடக்கும், எப்போது எது என்று உறுதியாகச் சொல்ல என்னால் முடியாது. முயன்று பார்ப்பதில் நட்டமில்லை. கனமான வேலை தொடங்குமுன் திறந்து வைப்பதே பாதுகாப்பு. அதில் ஒரு பக்கவிளைவு உண்டு: டெவ்டூல்ஸ் இணைந்திருக்கும் பக்கத்துக்குக் குரோம் Page Unresponsive பெட்டியைக் காட்டாது, பிரேக்பாயிண்டில் நிற்பதைத் தொங்கல் என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்காக. பெட்டி வரவில்லை, எனவே எல்லாம் சரி என்று நினைத்துவிடாதீர்கள்.

கார்குழலி
Pause அழுத்தியும் நிற்காத பக்கம் ஒன்று பார்த்தேன். சிபியு 100, மெமரி கொஞ்சமும் அசையவில்லை. படிவத்தில் ஒரு எண் வரிசையைச் சரிபார்க்கும் ரெகுலர் எக்ஸ்பிரஷன்தான் காரணம்:

```
/^(\d+\s?)+$/
```

நெசவன்
Pause நிற்பது ஜாவாஸ்கிரிப்டின் அடுத்த கட்டளையில். ஒரே அழைப்புக்குள், அதாவது ரெகுலர் எக்ஸ்பிரஷன், பெரிய JSON.parse, அல்லது அட்டவணையை வரையும் வேலைக்குள் மாட்டியிருந்தால் அது முடியும்வரை Pause காத்திருக்கும். JSON.parse, வரைதல் இரண்டும் எப்படியும் முடியும், பொறுக்கலாம்.

நீங்கள் காட்டிய ரெகுலர் எக்ஸ்பிரஷன் வேறு ரகம். எண்களின் வரிசை முடிவில் ஒரு எழுத்து ஒட்டியிருந்தால், எண்களை எங்கெங்கே பிரிக்கலாம் என்று எல்லா விதத்திலும் முயன்று பார்க்கும். ஒரு இலக்கம் கூடினால் நேரம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. 25 இலக்கத்துக்கு ஒரு வினாடி எடுத்தால் 35 இலக்கத்துக்கு 1,024 வினாடி, 17 நிமிடம். 45 இலக்கத்துக்கு 12 நாள். அங்கே Wait கொடுப்பதில் பொருளே இல்லை, உடனே வெளியேறலாம். திரும்ப வந்து அதே உள்ளீட்டைக் கொடுத்தால் அதே இடத்தில் மாட்டும், கடைசியில் ஒட்டியிருக்கும் எழுத்தை நீக்கிவிட்டுக் கொடுங்கள். எழுதியவர் `/^\d+(\s\d+)*\s?$/` என்று மாற்றினால் அதே வரிசைகளை ஏற்கும், பிரிக்கும் வழி ஒன்றே ஒன்றாகிவிடும்.

தேன்மொழி
பக்கத்தை எழுதியவர் Set முறைக்கு மாற்றிவிட்டார். 1,00,000 வரிச் சோதனை அழுத்தியவுடன் முடிந்தது. ஆனால் முடிவு அட்டவணை திரையில் வர இன்னும் 9 வினாடி உறைகிறது. பெட்டி வரவில்லை. இதையும் சொல்லலாமா?

நெசவன்
சொல்லுங்கள். 9 வினாடி உங்கள் கணினியில். இரண்டு மடங்கு மெதுவான கணினியில் 18 ஆகும், அங்கே உறையத் தொடங்கியதுமே யாராவது கிளிக் செய்தால் பெட்டி வரலாம். எல்லா வரியையும் ஒரேயடியாக வரையாமல் முதல் 200 வரியை மட்டும் காட்டி, கீழே நகரும்போது மீதியைச் சேர்க்கட்டும்.

கார்குழலி
துண்டு துண்டாக setTimeout வைத்து வரையச் சொல்லலாமே?

நெசவன்
பக்கம் உறையாது, அது சரி. ஆனால் வேறு டேப்புக்குப் போய்விட்டால் மறைந்திருக்கும் டேப்பின் டைமரைக் குரோம் முதலில் வினாடிக்கு ஒரு தடவை என்றும், நீண்ட நேரம் மறைந்திருந்தால் நிமிடத்துக்கு ஒரு தடவை என்றும் குறைத்துவிடும். 500 துண்டு என்றால் வினாடிக்கு ஒன்று வீதமே எட்டு நிமிடத்துக்கு மேல், நிமிடத்துக்கு ஒன்றானால் மணிக்கணக்கில் இழுக்கும். அட்டவணைக்கு 200 வரி முறையே போதும் என்பேன். துண்டாக்கியே தீர வேண்டும் என்றால் டேப்பைத் தனிச் சன்னலாக இழுத்துக் கண்ணில் படும்படி வைக்கச் சொல்லுங்கள்.